முதல் வரியில் ஒரு புள்ளி

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் மாடி அறையில் உட்கார்ந்து நான் வேலை செய்வது ஒரு பிரெஞ்சுக் குழுவோடு. கோடையில் அவர்கள் நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால். அதனால் அங்கிருந்து காலை மெயில் வரும்போது இங்கே சோற்றுக்கு உட்காரும் நேரம். சேர்ந்த புதிதில், அரைகுறை பிரெஞ்சோடு, பதினொரு பேருக்கு ஒரு மெயில் அனுப்பினேன். முதல் வரி இது:

```
Chers tous,
```

'ஷேர் துஸ்' என்று படிக்க வேண்டும். 'அன்பான எல்லோருக்கும்' என்று எழுதியதாகத்தான் என் நினைப்பு. பத்து நிமிடத்தில் குழுவின் மூத்த பெண் ஒருவர் தனியாகச் செய்தி அனுப்பினார். கோபமெல்லாம் இல்லை. "நல்ல மெயில். ஆனா நாங்க நாலு பேர் அதுல இல்லையே" என்பதுதான் அதன் சாரம். எண்ணிப் பார்த்தேன். பதினொரு பேரில் நான்கு பேர் பெண்கள். 'துஸ்' என்பது ஆண்பால் பன்மை. பெண்களுக்கு 'துத்'. 

அடுத்த நாள் அவர் அனுப்பிய குழு மெயில் இப்படித் தொடங்கியது:

```
Bonjour à toutes et à tous,
```

அதற்குப் பதில் எழுதிய இளைஞர் ஒருவர், "Cher·es" என்று நடுவில் ஒரு புள்ளி வைத்து ஆரம்பித்தார். இன்னொருவர் வெறும் "Bonjour," என்று முடித்துக்கொண்டார். ஒரே பதினொரு பேருக்கு மூன்று விதமான முதல் வரிகள். இந்த மூன்றுக்கும் பின்னால் சுமார் நானூறு வருடச் சண்டை இருக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

முதலில் சிக்கல் எங்கே என்று பார்த்துவிடலாம். பிரெஞ்சில் பன்மைக்கும் பால் உண்டு. தமிழில் 'வந்தார்கள்' என்றால் யார் வந்தார்கள் என்று வினை சொல்லாது. பிரெஞ்சில் பெயரடையும், 'அழைக்கப்பட்ட' என்பது போன்ற எச்ச வடிவமும் சொல்லுக்கேற்ப மாறும். ஆண்களும் பெண்களும் கலந்த கூட்டம் என்றால் ஆண்பால்தான். நாற்பது பெண்களோடு ஒரே ஒரு ஆண் நின்றாலும் அந்தக் கூட்டம் ஆண்பால். பள்ளியில் குழந்தைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கும் வாக்கியமே 'ஆண்பால் பெண்பாலை வெல்லும்' என்பதுதான்.

இந்த விதி ஆதியிலிருந்தே இப்படி இருந்ததில்லை. பழைய பிரெஞ்சில், அதற்கு முன் லத்தீனிலும், அருகில் இருக்கும் பெயரோடு பெயரடையைப் பொருத்தும் வழக்கம் இருந்தது. கடைசியாக வரும் பெயர் பெண்பால் என்றால் அதற்குப் பின்னால் வரும் பெயரடையும் பெண்பாலில் நிற்கலாம். இதை 'அண்மைப் பொருத்தம்' என்று சொல்லலாம். 1647இல் வோழ்லா என்ற இலக்கணக்காரர் பிரெஞ்சு மொழி பற்றிய தன் குறிப்புகளை வெளியிட்டார். ஆண்பால் அதிக மேன்மையானது, இரண்டும் சேரும் இடத்தில் அதுவே மேலோங்க வேண்டும் என்று எழுதினார். வேடிக்கை என்னவென்றால், இதயமும் வாயும் திறந்திருப்பதாகச் சொல்லும் ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொண்டு, அதில் ஆண்பால் பன்மை வைத்தால் காதுக்கு உறுத்துகிறது என்று அவரே ஒப்புக்கொண்டார். அதாவது அன்றைய காதுக்கு இந்த விதி பழகியிருக்கவில்லை. 1767இல் பொஸே என்ற இன்னொரு இலக்கணக்காரர் காரணத்தையும் பச்சையாகச் சொல்லிவிட்டார்: ஆண்பால் மேன்மையானதாகக் கருதப்படுவது, ஆண் பெண்ணைவிட உயர்ந்தவன் என்பதால். எலியான் வியெனோ என்ற வரலாற்று ஆய்வாளர் 2014இல் எழுதிய புத்தகம் இந்தக் கதையைப் பொதுவாசகர்களிடம் கொண்டுவந்தது. விதி இலக்கணத்திலிருந்து தானாக முளைக்கவில்லை, சமூகத்திலிருந்து இலக்கணத்துக்குள் கொண்டுவரப்பட்டது என்பது அவர் வாதம்.

மொழியின் காவலராகக் கருதப்படும் பிரெஞ்சு அகாதெமி 1635இல் தொடங்கியது. அதில் முதல் பெண் உறுப்பினராக எழுத்தாளர் மார்கரித் யூர்ஸனார் தேர்வானது 1980இல். இடையில் 345 வருடங்கள்.

நவீனச் சண்டை பதவிப் பெயர்களில்தான் தொடங்கியது. 1984இல் பெண்ணுரிமை அமைச்சராக இருந்த இவெத் ரூதி, தொழில் பெயர்களுக்குப் பெண்பால் வடிவம் காண ஒரு குழு அமைத்தார். எழுத்தாளர் பெனுவாத் குரூ அதற்குத் தலைமை தாங்கினார். அதன் பலனாக 1986 மார்ச் 11 அன்று பிரதமர் லோரான் ஃபபியூஸ் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டார். சில நாட்களில் தேர்தல் வந்தது, ஆட்சி மாறியது, சுற்றறிக்கை கிடப்பில் போனது. 1998இல் பிரதமர் ழோஸ்பான் மறுபடியும் அதைச் சொல்ல வேண்டியிருந்தது. அடுத்த வருடம் அரசு ஒரு வழிகாட்டி நூலே வெளியிட்டது.

அப்படியும் அடங்கவில்லை. 2014 அக்டோபரில் பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் கீழவையில் அன்று தலைமை தாங்கியவர் சான்ட்ரின் மாஸெத்தியே. உறுப்பினர் ஒருவர் அவரை 'மதாம் ல பிரெஸிதான்' என்று ஆண்பாலில் அழைத்தார். "என்னைப் பெண்பாலில் அழையுங்கள்" என்று அவர் கேட்டும், அகாதெமியின் இலக்கணத்தைக் காட்டி உறுப்பினர் அதையே திரும்பச் சொன்னார். விளைவு, ஒரு மாதச் சம்பளத்தில் கால் பங்கு பிடித்தம். ஒரு சின்ன 'லா'வுக்குப் பதில் 'ல' சொன்னதற்கு. அகாதெமி தொழில் பெயர்களின் பெண்பால் வடிவங்களுக்கு எந்தக் கொள்கைத் தடையும் இல்லை என்று ஒத்துக்கொண்டது 2019 பிப்ரவரி 28 அன்று.

சரி, புள்ளி எப்போது வந்தது? இரண்டு பாலையும் ஒரே சொல்லில் அடக்கும் ஆசை பழையதுதான். முதலில் அடைப்புக்குறி போட்டார்கள். பெண்களை அடைப்புக்குள் வைப்பதா என்று கேள்வி வந்தது. சாய்கோடு போட்டார்கள், இணைப்புக்கோடு போட்டார்கள், சொல்லின் நடுவில் பெரிய E போட்டார்கள், சாதாரண முற்றுப்புள்ளியும் போட்டார்கள். கடைசியில் எழுத்தின் பாதி உயரத்தில் நிற்கும் நடுப்புள்ளி வந்தது. வேறு எந்த வேலையும் இல்லாத குறி என்பதுதான் அதன் தகுதி. 2015இல் ஆண் பெண் சமத்துவத்துக்கான அரசு ஆலோசனைக் குழு ஒரு வழிகாட்டி வெளியிட்டது. 2017இல் அத்தியே பதிப்பகத்தின் மூன்றாம் வகுப்புப் பாடநூல் ஒன்று புள்ளி வடிவங்களோடு வந்தது. அந்த இலையுதிர் காலத்தில் நாடே இரண்டுபட்டது. அக்டோபர் 26 அன்று அகாதெமி, பிரெஞ்சு மொழி 'மரண ஆபத்தில்' இருக்கிறது என்று அறிவித்தது. நவம்பர் 21 அன்று பிரதமர் எதுவார் ஃபிலிப், அரசிதழில் வெளியாகும் ஆவணங்களில் இந்த எழுத்துமுறை வேண்டாம் என்று சுற்றறிக்கை விட்டார்.

அந்தச் சுற்றறிக்கையைப் படித்தால் ஒரு விஷயம் பிடிபடும். அது புள்ளியைத்தான் ஒதுக்குகிறது. வேலைவாய்ப்பு அறிவிப்புகளில் 'விண்ணப்பதாரன் அல்லது விண்ணப்பதாரி' என்பது போல இரட்டை வடிவம் எழுத வேண்டும், பெண் அதிகாரிகளின் பதவியைப் பெண்பாலில் எழுத வேண்டும் என்றும் அதுவே சொல்கிறது. 2021 மே மாதம் கல்வி அமைச்சர் பிளாங்கேர் பள்ளிகளுக்கு அனுப்பியதும் இதே தொனிதான்: புள்ளி கூடாது, தொழில் பெயர்களின் பெண்பால் சரி. 'எல்லாரையும் உள்ளடக்கும் எழுத்து' என்று டிவியில் அடித்துக்கொள்ளும்போது பெரும்பாலும் அடி விழுவது அந்த ஒற்றைக் குறியின் மேல்தான். இரட்டை வடிவம் சத்தமில்லாமல் எப்போதோ ஜெயித்துவிட்டது. 1961இல் அல்ஜீரியாவில் தளபதிகள் கலகம் செய்தபோது தெ கோல் டிவியில் நாட்டிடம் உதவி கேட்டாரே, அன்றும் அவர் 'பிரெஞ்சுப் பெண்களே, பிரெஞ்சு ஆண்களே' என்றுதான் அழைத்தார். அவரைப் பெண்ணியவாதி என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இனி மெயிலுக்கு வருவோம். வழக்கமான பழைய பாணியில் ஒரு அழைப்பு:

```
Chers collègues,
Les développeurs concernés sont invités
à la réunion de jeudi.
```

'அன்புள்ள சக பணியாளர்களே, சம்பந்தப்பட்ட டெவலப்பர்கள் வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு அழைக்கப்படுகிறார்கள்.' இதில் 'கொலெக்' என்ற சொல் இருபாலுக்கும் பொது. பாலைக் காட்டிக்கொடுப்பது அதற்கு முன்னால் நிற்கும் 'ஷேர்' மட்டும். இதையே இரட்டை வடிவத்தில் எழுதினால்:

```
Chères et chers collègues,
Les développeuses et développeurs concernés
sont invités à la réunion de jeudi.
```

வாய்விட்டுப் படிக்கலாம், யாரும் தடுமாற மாட்டார்கள். ஆனால் இரண்டாம் வரியின் கடைசிச் சொல்லைப் பாருங்கள். பெயரை இரட்டிப்பாக்கிய பிறகும் பெயரடை ஆண்பாலிலேயே நிற்கிறது. மூன்றாம் வரியில் 'அழைக்கப்பட்ட' என்பதும் அப்படியே. வாசலில் இருவரையும் வரவேற்றுவிட்டு, பந்தியில் வோழ்லா பரிமாறுகிறார். பெயரடைகளையும் இரட்டித்தால் மெயில் பத்திரப் பதிவு ஆவணம் மாதிரி நீளும். அதனால் சிலர் பெண்பால் பெயரை இரண்டாவதாக வைத்து, பெயரடையை அதனோடு பொருத்துகிறார்கள். 1647க்கு முந்தைய அண்மைப் பொருத்தம், ஆபீஸ் மெயிலில் மறுபிறவி எடுத்திருக்கிறது.

அடுத்தது புள்ளி:

```
Cher·es collègues,
Les développeur·euses concerné·es
sont invité·es à la réunion de jeudi.
```

சுருக்கம். பெயரடைச் சிக்கலும் தீர்ந்தது. ஆனால் 'ஷேர்' பெண்பாலில் எழுதும்போது e மேல் ஒரு சாய்வுக்குறி வரும். புள்ளி வடிவத்தில் அது எங்கே போனது? சிலர் குறி போடுகிறார்கள், சிலர் விடுகிறார்கள். 'எல்லோரும்' என்பதற்கு 'tou·tes', 'tous·tes', 'tou·te·s' என்று மூன்று எழுத்துமுறை பார்த்திருக்கிறேன். சத்தமாகப் படிக்கவும் வழியில்லை, ஒவ்வொருவரும் மனதுக்குள் விரித்துக்கொள்ள வேண்டும். திரைவாசிப்பான் மென்பொருள் வைத்துப் படிக்கும் பார்வையற்றவர்களுக்கு இது இன்னும் சிரமம். சில மென்பொருட்கள் சொல்லை உடைத்துப் படிக்கும், சில புள்ளியையே வாசித்துக் காட்டும். பிரான்ஸின் பார்வையற்றோர் கூட்டமைப்பு இந்த வடிவத்தை எதிர்த்ததற்குக் காரணம் இதுதான்.

கம்ப்யூட்டர் பக்கத்தில் இன்னும் சில விசேஷங்கள் உண்டு. நடுப்புள்ளியின் யூனிகோடு எண் U+00B7. பழைய பிரெஞ்சு விண்டோஸ் விசைப்பலகையில் அதற்குத் தனி விசை இல்லை. Alt+0183 அடிக்க வேண்டும். சோம்பேறிகள் முற்றுப்புள்ளி போட்டு `Cher.es` என்று அடித்தார்கள். `.es` என்பது ஸ்பெயின் நாட்டு இணைய முகவரிகளின் பின்னொட்டு. ஆகவே பல மெயில் செயலிகள் 'அன்புள்ள' என்ற சொல்லை நீல நிறத்தில் அடிக்கோடிட்டு ஸ்பெயின் தளம் ஒன்றுக்கு இணைப்பாக மாற்றிவிடும். வணக்கம் சொன்ன வரியைத் தொட்டால் வேறெங்கோ போய் நிற்பீர்கள்.

சரியான புள்ளியை அடித்தாலும் தலைப்பு வரியில் ஜாக்கிரதை வேண்டும். மெயில் தலைப்பு அடிப்படையில் வெறும் ஆங்கில எழுத்துகளுக்காக வடிவமைக்கப்பட்டது. மற்றவை குறியீடாக்கிப் போக வேண்டும்:

```
Subject: =?UTF-8?Q?Cher=C2=B7es_coll=C3=A8gues?=
```

புள்ளி C2, B7 என்று இரண்டு பைட்டுகளாகப் போகிறது. பெறுகிற பக்கம் ஏதோ ஒரு பழைய நிரல் இதை UTF-8 என்று பார்க்காமல் லத்தீன்-1 என்று படித்தால், ஒவ்வொரு பைட்டும் தனி எழுத்தாகி `CherÂ·es` என்று வந்து நிற்கும். புள்ளிக்கு முன்னால் தொப்பி போட்ட ஒரு A தெரிந்தால் இதுதான் நடந்திருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம். தமிழ் எழுத்துருக் குழப்பங்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது பழகிய வியாதி. தேடலும் இடிக்கும். 'développeurs' என்று தேடினால் புள்ளி வைத்த மெயில் கிடைக்காது. இடையில் புள்ளி இருப்பதால் அந்த எழுத்து வரிசையே அதில் இல்லை.

மூன்றாவது வழி பொதுச்சொல். இதைத்தான் நான் கெட்டிக்காரத்தனமாகத் தேர்ந்தெடுத்தேன்:

```
Bonjour,
L'équipe de développement est invitée
à la réunion de jeudi.
```

'டெவலப்மென்ட் குழு அழைக்கப்படுகிறது.' யாருடைய பாலும் இல்லை. ('குழு' என்ற சொல்லே பெண்பால் என்பதால் 'அழைக்கப்பட்ட' பெண்பாலுக்கு மாறிவிட்டது. அது சொல்லின் பால், ஆட்களுடையது அல்ல.) அனுப்பிவிட்டுத் திருப்தியாக இருந்தேன். வியாழக்கிழமை நாலு பேர் வர வேண்டிய கூட்டத்துக்குப் பதினொரு பேரும் வந்தார்கள். பாலை நீக்கும் அவசரத்தில் 'சம்பந்தப்பட்ட' என்ற சொல்லையும் சேர்த்து நீக்கியிருந்தேன். பொதுச்சொல்லின் ஆபத்து இதுதான். ஆட்களுக்குப் பதில் அமைப்பைப் பேச வைக்கிறோம், யார் என்பது கரைந்துவிடுகிறது. திருத்தம் சுலபம்: 'les personnes concernées', சம்பந்தப்பட்ட நபர்கள். அல்லது வாக்கியத்தையே திருப்பி, 'உங்களை அழைக்கிறோம்' என்று எழுதிவிடலாம். 'உங்களை' என்பதற்கு பிரெஞ்சிலும் பால் இல்லை.

கனடாவின் கியூபெக்கில் இந்தச் சண்டை இவ்வளவு சூடாக இல்லை. அங்குள்ள அரசு மொழி அலுவலகம் 1979இலேயே பதவிப் பெயர்களைப் பெண்பாலில் எழுதச் சொல்லிவிட்டது. இன்றும் அது பரிந்துரைப்பது இரட்டை வடிவமும் பொதுச்சொல்லும்தான். புள்ளியை அது ஊக்குவிப்பதில்லை. ஆனால் புள்ளிக்காரர்கள் பக்கம் ஒரு வலுவான கேள்வி இருக்கிறது. 'பெண்களே, ஆண்களே' என்றால் இரண்டிலும் அடங்காதவர்கள் எங்கே? 2021இல் ரொபேர் அகராதி தன் இணையப் பதிப்பில் 'இயெல்' என்ற பால் காட்டாத பிரதிப்பெயரைச் சேர்த்தபோது மறுபடி ஊர் ரெண்டுபட்டது. 2023 அக்டோபர் 30 அன்று ஜனாதிபதி மக்ரோன், பிரெஞ்சில் ஆண்பாலே பொதுப்பாலின் வேலையைச் செய்கிறது, புள்ளி தேவையில்லை என்றார். அதே நாளில் செனட் இந்த எழுத்துமுறைக்கு எதிரான மசோதாவை ஏற்றது.

இதையெல்லாம் படித்தபோது எனக்கு உள்ளூர ஒரு பெருமிதம் இருந்தது. நம்ம தமிழில் இந்தப் பிரச்சினையே இல்லையே! தொல்காப்பியத்தின் ஐந்து பால்களில் பலர்பால் ஒன்று, அதில் ஆணும் பெண்ணும் ஒன்றாகவே நிற்கிறார்கள். 'அனைவருக்கும் வணக்கம்' என்று ஆரம்பித்தால் யாரும் விடுபடவில்லை. கருணாநிதி பல பத்தாண்டுகள் எழுதிய கடிதங்களின் 'உடன்பிறப்பே' ஆணா பெண்ணா? இரண்டும். 2022இல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட சொற்பட்டியலில் 'திருநர்' என்ற சொல் எவ்வளவு இயல்பாக உட்கார்ந்தது. அந்த 'ர்' விகுதி எல்லோருக்கும் இடம் கொடுக்கிறது.

பெருமிதம் மே மாதம் வரை தாங்கியது. பிளஸ் டூ ரிசல்ட் அன்று செய்தித்தாளைப் பிரித்தேன். வருடா வருடம் வரும் அதே செய்தி: மாணவர்களைவிட மாணவிகள் அதிகத் தேர்ச்சி. இந்த வரியில் 'மாணவர்கள்' என்றால் யார்? பையன்கள். அதே பக்கத்தில் இன்னொரு செய்தி: 'மாணவ, மாணவியர் மகிழ்ச்சி'. அதாவது நாமும் இரட்டை வடிவம்தான் எழுதுகிறோம், பொதுச்சொல் கையிலிருந்தும். விண்ணப்பப் படிவத்தில் 'மகன்/மகள்' என்று சாய்கோடும் போடுகிறோம்.

நடந்தது என்னவென்று யோசித்தால் புரிகிறது. 'மாணவன்' என்று எழுதினால் மரியாதைக் குறைவாகப் படுகிறது, அதனால் பையனுக்கு 'மாணவர்'. பெண்ணுக்கு 'மாணவி'. இப்படி ஜோடி சேர்ந்ததும், எல்லோருக்குமான 'ர்' மெல்ல ஆண்பக்கம் சாய்ந்துவிட்டது. ஆசிரியர் - ஆசிரியை, நடிகர் - நடிகை, தலைவர் - தலைவி எல்லாமே இந்தக் கணக்கு. அதனால்தான் இங்கே பல பெண்கள் பிரெஞ்சுப் பெண்களுக்கு நேர் எதிரான கோரிக்கை வைக்கிறார்கள். 'மதாம் லா' என்று பெண்பாலைக் கேட்டார் மாஸெத்தியே. நம் கவிஞர்களோ "'பெண் கவிஞர்' வேண்டாம், கவிஞர் என்றே சொல்லுங்கள்" என்கிறார்கள். அங்கே பொதுச்சொல் ஆணுடையது, அதனால் பெண் தன் பெயரைத் தனியாகக் கேட்கிறாள். இங்கே பொதுச்சொல் எல்லோருடையதுமாக இருந்தது, கைநழுவுகிறது, அதனால் அதைத் திரும்பக் கேட்கிறாள்.

இப்போது என் மெயில்களுக்கு ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறேன். முதல் வரியில் 'துத்', 'துஸ்' இரண்டும். உள்ளே முடிந்தவரை 'உங்களை'. தலைப்பு வரியில் புள்ளி கிடையாது. உடலில் புள்ளி வைப்பவர்களுக்குப் பதில் எழுதும்போது நானும் வைக்கிறேன், அவர்களில் யாருக்கு அது ஏன் தேவை என்று எனக்குத் தெரிய வேண்டியதில்லை. போன வாரம் எங்கள் தெருச் சங்கத்துக்குத் தமிழில் ஒரு கடிதம் எழுத வேண்டியிருந்தது. 'சங்கத் தலைவர் அவர்களுக்கு' என்று ஆரம்பித்தேன். அடுத்த வரியில் என்னையறியாமல் 'ஐயா' என்று அடித்திருந்தேன். எங்கள் சங்கத் தலைவர் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், எதிர் வீட்டு அம்மா.